வெயில் நாளில் மூடிய சாலை

மலைச்சாலைக்கு இன்ஜினியராக இருப்பவளை யாருக்கும் பிடிக்காது. சாலை திறந்திருந்தால் யாரும் என்னை நினைப்பதில்லை. மூடினால் மட்டும், மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் ஒரே குரலில் என்னைத் திட்டுவார்கள். எனக்கும் வாய் சும்மா இருக்காது, பதிலுக்கு நானும் திட்டுவேன். இப்படியே பல வருடமாகக் காலம் ஓடுகிறது.

இந்த வருடம் திட்டியவர்களில் முதல் ஆள் என் அக்கா.

அக்கா மூன்றாம் வளைவில் பேக்கரி ஒன்று கட்டியிருந்தாள். முன்பக்கம் கண்ணாடிக் கதவு, பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி நாற்காலிகள். பின்பக்கம் சமையலறையும் சின்ன முற்றமும். முற்றத்தை ஒட்டி எங்கள் துறை கட்டிய தடுப்புச் சுவர், அதற்கு மேலே மலைச்சரிவு. மழைக்காலத்தின் முதல் வாரத்தில் திறப்பு விழா வைத்தாள். சரியாக அன்றைக்குத்தான் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. அலுவலக வாசலில் இருக்கும் மழைமானியில் ஒரு நாள் மழை சிவப்புக் கோட்டைத் தாண்டினால் சாலையை மூட வேண்டும். தாண்டாவிட்டால் மூடக் கூடாது. அன்றைக்குக் கோடு எங்கே இருக்கிறதென்றே தெரியாத அளவுக்குத் தண்ணீர் நிறைந்திருந்தது. மூடினேன். விருந்தாளி ஒருவர்கூட மேலே போக முடியவில்லை. அக்கா பார்த்துப் பார்த்துச் செய்த கேக்கை அவளும் அத்தானும் மூன்று வேளைக்கும் சாப்பிட்டார்கள். மலையிலிருந்து ஒரு கூழாங்கல்கூட விழவில்லை.

விழாது என்று எனக்கும் ஓரளவு தெரியும். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த மண் அது. மேலாக விழுந்த தண்ணீரில் பாதி ஓடை வழியாக ஓடிவிட்டது, மீதியை மண் குடித்துவிட்டது. உள்ளே இன்னும் ஏகப்பட்ட இடம் இருந்தது. அப்படிப் பேய்மழை பெய்தால் மேலே தளர்ந்த கல் ஏதாவது உருளலாம் என்பதால் மூடியதில் தப்பில்லை. ஆனால் மலையே இறங்கிவிடும் என்று நான் பயப்படவில்லை. இதை அக்காவிடம் சொல்லப் போக, "பயமில்லைன்னா எதுக்குடி மூடினே?" என்று பிடித்துக்கொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரியான கேள்வி. அன்றிலிருந்து எனக்குக் "கேட்டம்மா" என்று பெயர். சாலைக்குக் குறுக்கே இருக்கிற கேட்டைச் சாத்துகிற அம்மா.

அதற்குப் பிறகு வந்ததுதான் உண்மையான மழை. யாருக்கும் அது மழையாகவே தெரியவில்லை. காலையில் தூறல், மதியம் கொஞ்சம் ஓய்வு, சாயங்காலம் மறுபடி நசநசவென்று தூறல். துணி காயவில்லை, தீப்பெட்டி நமத்துப் போனது, அவ்வளவுதான். வாரக்கணக்கில் இப்படியே போனது. என் ஜீப் ஓட்டுநர் தினமும் காலையில் மழைமானியை எடுத்துப் பார்ப்பார். சாலையில் ஒரு ஓணான் குறுக்கே போனால்கூட வண்டியை நிறுத்திவிடுவார் என்பதால் அவருக்குப் "பிரேக்" என்று பெயர். "இன்னைக்கும் கோட்டைத் தொடல மேடம்" என்று சொல்லி, தண்ணீரை வாசல் செடிக்கு ஊற்றிவிட்டு, காலிப் பாத்திரத்தைத் திரும்ப வைப்பார். மறுநாள் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும்.

எனக்கு அந்தப் பாத்திரத்தைப் பார்த்தாலே எரிச்சலாக வரும். நாம் பாத்திரத்தைக் காலி செய்கிறோம், மலையை யார் காலி செய்கிறார்கள்? நேற்று இறங்கிய தண்ணீர் இன்றும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. முந்தாநாள் இறங்கியது அதற்குக் கீழே இருக்கிறது. களிமண் கலந்த சரிவு அது, தண்ணீரை உள்ளே விடவும் யோசிக்கும், வெளியே விடவும் யோசிக்கும்.

மூன்றாம் வளைவுக்கு மேலே, சரிவுக்குள் ஆழமாக ஒரு குழாய் இறக்கியிருக்கிறோம். அதற்குள் டேப்பை விட்டால், நுனி தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்று கத்தும். கோடையில் டேப் போய்க்கொண்டே இருக்கும், கை வலித்த பிறகுதான் கத்தும். தூறல் தொடங்கிய பிறகு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முன்னதாகவே கத்த ஆரம்பித்தது. மண்ணுக்குள் தண்ணீர் மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். என் மேலதிகாரி பெரிய சாரிடம் போனில் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, விதிக்குக் கட்டுப்பட்டவர். கோட்டைத் தாண்டட்டும், பார்க்கலாம் என்றார்.

அக்கா இரண்டாவது முறையாகத் திறப்பு விழா வைத்த ஞாயிற்றுக்கிழமை, பளீரென்று வெயில் அடித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த வெயில். பிரேக் கூடப் புதுச்சட்டை போட்டிருந்தார். மழைமானியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டி, ஒரு சொட்டு இல்லை என்று சிரித்தார்.

பேக்கரிக்குப் போகும் வழியில் ஜீப்பை நிறுத்தச் சொல்லிக் குழாய்க்கு ஏறினேன். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறியதைப் பார்த்துப் பிரேக் தலையில் அடித்துக்கொண்டார். மூடியைத் திறந்து டேப்பை விட்டேன். விட்ட கையை எடுப்பதற்குள் கீச்சென்றது. தண்ணீர் குழாயின் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றது. மழை நின்றதற்குப் பிறகும் மட்டம் இறங்கவில்லை, முந்தின நாளைவிட ஏறியிருந்தது. சரிவின் மேல்பகுதியில் புல்லுக்கு நடுவே கோடு கிழித்தாற்போல ஒரு விரிசல். விரலை விட்டுப் பார்த்தேன், விரல் முழுக்க உள்ளே போனது.

ஆனாலும் எனக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. கீழே இருக்கிற தடுப்புச் சுவர் நல்ல சுவர். அதில் வரிசையாக ஓட்டைகள் விட்டிருக்கிறோம். மண்ணுக்குள் சேர்கிற தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியாக வடிந்துவிடும். சுவர் நன்றாக வடிந்துகொண்டிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும், அதற்குள் ஏதாவது செய்யலாம் என்று நினைத்துக்கொண்டே இறங்கி ஓடினேன்.

பேக்கரியில் வெண்ணெய் வாசனை தூக்கியது. பின்முற்றத்தில் நீள மேசை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவர், அழகாக வெளிர்நீலம் அடித்த சுவர். ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெயிலில் காய்ந்த தேங்காய் நார் மாதிரி உலர்ந்து கிடந்தது.

அத்தான் பெருமையோடு வந்தார். அந்தச் சுவர் எந்நேரமும் ஒழுகிக்கொண்டே இருந்ததாம். புது டைல்ஸ் எல்லாம் செம்மண் கறை. அதனால் போன வாரம் அவரே உட்கார்ந்து, ஒவ்வொரு ஓட்டையாக சிமெண்ட் வைத்து அடைத்து, மேலே பெயிண்டும் அடித்துவிட்டாராம். "உங்க டிபார்ட்மெண்ட் பண்ணாத வேலைய நான் பண்ணிட்டேன் பாத்தியா?" என்றார்.

அத்தானைப் போல நல்ல மனிதரைப் பார்க்க முடியாது. ஆனால் அந்த நிமிஷம் அவரைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது. அது ஒழுகவில்லை அத்தான், மலை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது என்று கத்தினேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. உள்ளே தண்ணீரே இல்லை, இப்போது காட்டுகிறேன் என்று ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். வேண்டாம் என்று நான் ஓடுவதற்குள் ஒரு ஓட்டையில் ஓங்கிக் குத்தினார்.

சிமெண்ட் உருண்டை தோட்டா மாதிரி பறந்தது. பின்னாலேயே பீறிட்ட தண்ணீர் அத்தானை முகத்திலிருந்து வேட்டிவரை நனைத்தது. முதலில் தெளிவாகத்தான் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகி, டிகாஷன் மாதிரி ஆனது. தண்ணீர் தெளிவாக வந்தால் மண் தன் இடத்தில் இருக்கிறது. கலங்கி வந்தால் மண்ணும் சேர்ந்து கிளம்பிவிட்டது. அத்தானைக் கையைப் பிடித்துத் தரதரவென்று முன்பக்கம் இழுத்து வந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மற்ற ஓட்டைகளையும் திறந்துவிட்டால் சரியாகிவிடுமா என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். இனி அந்தச் சுவருக்குக் கீழே எவரும் நிற்கக் கூடாது, அடைத்ததைத் திறந்தாலும் களிமண் ஒரு நாளில் வடியாது என்றேன்.

பெரிய சாருக்குப் போன் போட்டேன். மூன்றாம் வளைவில் சாலையை மூட அனுமதி கேட்டேன். இன்று மழை எவ்வளவு என்றார். மழை இல்லை என்றேன். வெயிலுக்கெல்லாம் சாலையை மூடினால் மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது என்றார். நியாயமான கேள்விதான், என் தலையெழுத்து. பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். அப்போதுதான் நீலச்சுவர் கண்ணில் பட்டது. சார், மழைக்காக மூட வேண்டாம், சேதப்பட்ட தடுப்புச் சுவரைப் பழுது பார்ப்பதற்காக மூடலாமா, அதற்கு எனக்கே அதிகாரம் இருக்கிறதே என்றேன். சுவரைச் சேதப்படுத்தியது யார் என்று கேட்டார். எங்கள் அத்தான் என்றேன். போனில் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. மூடிக்கொள் என்றார்.

சாலை விஷயம் முடிந்தது. அக்கா விஷயம் பாக்கி.

அவள் சமையலறையில் இருந்தாள். அடுப்பில் கடைசி ட்ரே வெந்துகொண்டிருந்தது. பெரிய கேக்குக்குச் சர்க்கரைப் பாகு விட்டுக்கொண்டிருந்தவள் நிமிராமலே பேசினாள்.

"அன்னைக்குக் கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. மூடினே. ஒண்ணும் விழல. இன்னைக்கு வெயில் மண்டையப் பொளக்குது. இப்பவும் மூடறேங்கறே. உனக்கு மலை மேல பயமா, இல்ல நான் கடை திறக்கறது மேல பொறாமையா?"

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. எனக்கு மூக்கு சிவந்து கண்ணில் தண்ணீர் முட்டியது. திருப்பிக் கத்த வாயைத் திறந்தேன். அவள் கையில் இருந்த கரண்டி கண்ணில் பட்டது. கத்தவில்லை.

"அக்கா, அந்தப் பாகு மொத்தத்தையும் ஒரே தடவைல கேக் மேல ஊத்தினா என்ன ஆகும்?"

"தட்டுல வழிஞ்சு ஓடிடும். கேக் உள்ள காஞ்சே கெடக்கும். அதுக்குத்தானே ஸ்பூன் ஸ்பூனா விடறேன்."

"ஸ்பூன் ஸ்பூனா நாள் பூரா விட்டுக்கிட்டே இருந்தா?"

"ஊறிப் போயிடும். தூக்கினா புட்டுக்கும்."

"தூக்கறப்போ நீ பாகு ஊத்த வேண்டாம். இல்லையா? ஸ்பூனைக் கீழ வெச்சு ரொம்ப நேரம் ஆகியிருக்கும். ஆனாலும் புட்டுக்கும்."

அக்கா கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஜன்னல் வழியாகச் சுவரைப் பார்த்தாள். அத்தான் திறந்த ஓட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர் வெள்ளை விரிப்பின் ஓரம்வரை வந்திருந்தது. அவளுக்கு மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது, கேக்கைப் பற்றி எல்லாம் தெரியும். காற்று இருக்க வேண்டிய ஓட்டைகளில் எல்லாம் நீர் நிரம்பினால் பொருள் கனத்துப் போகும், துகளும் துகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுப்பை அணைத்துவிட்டாள்.

"வெந்தது பாதிதான்" என்றாள். "சரி, எதை எடுக்கறது, எங்க கொண்டு போறது, சொல்லு."

அதன் பிறகு நடந்தது ஒரு கூத்து. கேட்டுக்குக் கீழே, சரிவுக்கு எட்டாத தூரத்தில், எங்கள் துறையின் ஷெட் இருக்கிறது. தார் பீப்பாய்கள், மண்வெட்டிகள், ஒரு ரோட் ரோலர். முன்வாசல் வழியாகவே எடுக்க முடிந்ததை எடுத்தோம். பிரேக் ஜீப்பில் கேக்கை வைத்துக்கொண்டு ஓட்டிய வேகத்தில் ஒரு நத்தைகூட முந்திப் போயிருக்கும். அவர் அப்படி ஓட்டியதற்கு வாழ்க்கையில் முதல்முறையாக எல்லோரும் நன்றி சொன்னோம். அந்த நீள மேசையை எடுக்க முற்றத்துக்குள் நான் யாரையும் விடவில்லை. ஷெட்டில் கதவுப் பலகையைப் பீப்பாய்கள் மேல் போட்டு மேசையாக்கினோம்.

விருந்தாளிகள் கீழேயிருந்து வந்து கேட்டில் நின்றார்கள். "பணி நடைபெறுகிறது" என்ற பலகையைப் பார்த்துவிட்டு, வானத்தைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்கள். கேட்டம்மா வெயிலுக்கும் மூட ஆரம்பித்துவிட்டாள் என்று ஒருவர் சொல்ல, சிரிப்பு பரவியது. ஆனால் டீயும் பன்னும் வந்ததும் வாய்கள் வேறு வேலையில் இறங்கின. குழந்தைகள் ரோலர் மேல் ஏறி விளையாடினார்கள். கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது எங்கள் ஷெட்.

எனக்கு மட்டும் ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. மதியம் ஆனது. மலை அசையவில்லை. வெயிலில் புல் பச்சைப் பசேலென்று மின்னியது. விழுந்தால் அக்காவின் கடை போய்விடும். விழாவிட்டால் இனி நான் எப்போது மூடினாலும் எவரும் நம்ப மாட்டார்கள், அக்கா உட்பட. விழு என்றும் வேண்ட முடியவில்லை, விழாதே என்றும் வேண்ட முடியவில்லை. இந்த மாதிரி ஒரு மனவேதனை எதிரிக்கும் வரக் கூடாது.

அத்தான் காய்ந்த சட்டையோடு மெல்ல நழுவப் பார்த்தார். பெரிய கத்தி முற்றத்து மேசையிலேயே இருக்கிறதாம், கேக் வெட்ட வேண்டாமா, ஒரே ஓட்டத்தில் போய் எடுத்து வந்துவிடுகிறாராம். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அக்கா அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள். "மண்வெட்டில வெட்டறேன். உக்காருங்க" என்றாள். அத்தான் உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்து, டீ டம்ளரைக் கையில் எடுத்திருப்பார். மேலே மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். பறவைகள் மொத்தமாகக் கிளம்பின. பிறகு புல்தரை, மரங்கள் எல்லாம் நின்ற நிலையிலேயே, அவசரமே இல்லாமல் கீழே நகர்ந்தன. சுவருக்கு மேலே வந்ததும் எல்லாம் சேர்ந்து சரிந்தது. நீலச்சுவர் பொக்கென்று முன்னால் சாய்ந்ததுவரைதான் தெரிந்தது. அப்புறம் சத்தம் மட்டும். தரை அதிர்ந்து, பீப்பாய் மேல் இருந்த டம்ளர்கள் கிணுகிணுத்தன.

அடங்கியதும் பார்த்தோம். முன்பக்கக் கண்ணாடிக் கதவு கீறல்கூட இல்லாமல் நின்றது. அதற்குப் பின்னால் சமையலறை இருந்த இடத்தில் செம்மண் கூரை உயரத்துக்குக் கிடந்தது. முற்றம் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை. சாலையிலும் மண் வந்து விழுந்திருந்தது. சாலையில் யாரும் இல்லை. வானத்தில் இன்னும் வெயில்.

பெரிய சார் போன் செய்தார். யாருக்காவது என்று ஆரம்பித்தார். யாருக்கும் ஒன்றும் இல்லை என்றேன். பெரிதாக மூச்சு விட்டார். சரி, இனிமேல் அந்தக் குழாயில் எவ்வளவு தண்ணீர் என்பதைத் தினமும் முதலில் சொல்லு, அப்புறம் மழையைச் சொல்லு என்றார். சரி சார் என்றேன். போனை வைத்துவிட்டு அப்படியே ரோலர் சக்கரத்தில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். அக்காவின் கடை போய்விட்டது என்று அழுதேனா, நான் சொன்னது சரியாகப் போனதற்கு அழுதேனா, எனக்கே புரியவில்லை.

அக்கா கேட்டின் குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது கேக் வெட்டற நேரம்டி" என்றாள். "எல்லாரும் அந்த மேசையச் சுத்தி நின்னிருப்போம். பசங்கள முன்னாடி நிறுத்தச் சொல்லியிருந்தேன். சுவரோரமா."

ரோலர் மேல் ஏறிக் கத்திக்கொண்டிருந்த குழந்தைகளை இருவரும் பார்த்தோம். அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு பலகை மேசைக்குப் போனாள். பிரேக் ஒரு புது மண்வெட்டியைக் கழுவிக் கொதிநீர் ஊற்றி வைத்திருந்தார். அதை வாங்கி, கேக்கின் நடுவில் வைத்து ஒரே அழுத்து அழுத்தினாள். குழந்தைகள் கைதட்டினார்கள். பெரியவர்களுக்கு அப்போதும் கை எழவில்லை, அத்தான்தான் முதலில் தட்டினார்.

முதல் துண்டை அவள் அத்தானுக்குக் கொடுக்கவில்லை. நேரே என்னிடம் வந்து, என் தாடையைப் பிடித்து, வாயில் திணித்தாள்.

"அழுதுகிட்டே முழுங்காதே, புரையேறும்" என்றாள். "நல்லா மென்னு சாப்பிடு. சாயங்காலம் வரைக்கும் இந்த ஷெட் எனக்கு வேணும். எல்லாரும் வந்திருக்காங்க, கடை திறந்தாச்சு."